ஷீட்ல 17... பெட்டியில 16! அந்த ஒரு குர்தி எங்கே போச்சு?

'அக்கா, மெரூன் குர்தி எல் சைஸ் இருக்கா?' என வாட்ஸ்அப்பில் கேட்டவரிடம் 'இருக்கு' என்று சொல்லி பணமும் வாங்கிவிட்டு, அப்புறம் ரூம் முழுக்கத் தேடி, கடைசியில் பணத்தைத் திருப்பி அனுப்பிய அனுபவம் வீட்டிலிருந்தே துணி விற்கும் பலருக்கும் இருக்கும்.

முதல் வேலை, லேபிள். ரேக்குக்கு ஓர் எழுத்து, தட்டுக்கு ஓர் எண், பெட்டிக்கு ஓர் எண். A-2-3 என்றால் A ரேக், மேலிருந்து இரண்டாவது தட்டு, இடமிருந்து மூன்றாவது பெட்டி. பெட்டி மேல 'மெரூன் குர்தி'ன்னு மட்டும் எழுதாதீங்க. அடுத்த மாசம் அதில் வேறு சரக்கு இருக்கும். பெட்டியில் இடத்தின் பெயர். என்ன சரக்கு, எத்தனை பீஸ் என்பதெல்லாம் மொபைல் ஷீட்டில். ஒரு பெட்டிக்கு ஒரே டிசைன், ஒரே சைஸ்.

அடுத்து எண்ணிக்கை. வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக எண்ணுவதைவிட, தினமும் காலையில் பேக்கிங் தொடங்கும் முன் ஒரே ஒரு தட்டை எண்ணினால் போதும். வேகமாக விற்பதை வாரம் ஒருமுறை, மற்றதை மாதம் ஒருமுறை. எண்ணும்போது ஷீட்டைப் பார்க்கக் கூடாது. 17 என்று தெரிந்துவிட்டால் கை தானாகவே 17 எண்ணிவிடும்!

ஓர் உதாரணம். போன ஞாயிறு A-2-3ல் எல் சைஸ் 20 பீஸ். வியாழன் அன்று புதிதாக 10 வந்தது, இந்த வாரம் 13 விற்றது. 17 இருக்கணும், இருப்பது 16. உடனே ஷீட்டை 16 என்று மாத்திடாதீங்க, துப்பு போயிடும். பக்கத்துப் பெட்டியையும் எண்ணுங்கள். A-2-4ல் எக்ஸ்எல் 9 இருக்க வேண்டிய இடத்தில் 10 இருக்கிறதா? எல்லா டேக்கையும் பாருங்கள். ஒன்றில் எல் என்று இருந்தால், இடம் மாறி வைத்தது, அவ்வளவுதான். பத்துமே எக்ஸ்எல் என்றால், எக்ஸ்எல் கேட்ட யாருக்கோ எல் போயிருக்கலாம். இல்லையென்றால், வியாழன் வந்த பத்தில் ஒன்று எக்ஸ்எல்லாக இருந்திருக்கும். வந்த சரக்கை டேக் பார்த்து எண்ணாமல் அடுக்கினால் இதுதான் தொல்லை.

போன ஞாயிறு கணக்கு சரியாக இருந்ததால், தப்பு இந்த ஏழு நாளுக்குள்தான். அதில் எக்ஸ்எல் ஆர்டர் மூன்றுதான் என்றால், அந்த மூன்று பேரிடம் மட்டும் 'சைஸ் சரியா வந்துச்சா?' எனக் கேட்டுவிடலாம், அவர்கள் கோபமாக மெசேஜ் போடும் முன்பே.

பக்கத்துப் பெட்டியிலும் கூடுதலாக இல்லையா? போட்டோ எடுக்க வெளியே எடுத்தது, பிரிக்காமல் கிடக்கும் ரிட்டர்ன் பார்சல், ஷீட்டில் எழுதாமல் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தது... இந்த மூன்றையும் பாருங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் மட்டும் 16 என்று திருத்தி, தேதியோடு 'காணவில்லை 1' என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். அதே பெட்டியில் அடுத்த வாரமும் ஒன்று குறைந்தால், அந்தத் தட்டை தினமும் எண்ண வேண்டியதுதான்.