பிளாக் பொத்தானுக்குப் பின்னால்

பழைய மர பீரோவை விற்க ஒரு பெண் செயலியில் படம் போடுகிறார். இரவு பதினொன்றரைக்கு ஒரு செய்தி வருகிறது: “இன்னும் இருக்கா?” இருக்கிறது என்று பதில் போடுகிறார். அடுத்து வரும் செய்தி பீரோவைப் பற்றியது இல்லை. அதற்கடுத்தது இன்னும் மோசம். அவர் ‘பிளாக்’ பொத்தானைத் தேடுகிறார்.

அந்தப் பொத்தான் பல செயலிகளில் முதலில் இருப்பதில்லை. செயலியைக் கட்டுகிறவர்களின் கவனமெல்லாம் படம் ஏற்றுவது, விலை போடுவது, அரட்டை திறப்பது ஆகியவற்றில்தான் இருக்கும். வேலை முடிந்து ஆப்பிளுக்கு அனுப்பியதும் “விதி 1.2” என்று குறிப்பிட்டு நிராகரிப்புக் கடிதம் வரும். பயனர்கள் எழுதுவதும் ஏற்றும் படங்களும் பிறர் கண்ணில் படுகிற எல்லாச் செயலிகளுக்குமான விதி அது. ஆபாசமானவை பதிவாகும் முன்பே வடிகட்ட ஒரு வழி, புகார் செய்ய ஒரு வழி, தொல்லை தருபவரைத் தடுக்க ஒரு வழி, நிறுவனத்தைத் தொடர்புகொள்ள வெளிப்படையான முகவரி என நான்கை அது கேட்கிறது. புகார் வந்தால் காலம் தாழ்த்தாமல் கவனிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. நிராகரிப்புக் கடிதங்கள் இன்னும் திட்டவட்டமானவை: புகாருக்குள்ளான பதிவை 24 மணி நேரத்துக்குள் நீக்கி, போட்டவரையும் வெளியேற்ற வேண்டும் என்பார்கள். கூகுள் பிளேயும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. எதெல்லாம் இங்கே கூடாது என்று விதிமுறையில் எழுதி, பயனர் முதல் பதிவு போடும் முன்பே அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது.

ஏற்கெனவே கடையில் இருக்கிற செயலிக்கும் விலக்கு இல்லை. 2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட கையோடு, பார்லர் என்ற சமூக ஊடகத்துக்கு ஆப்பிள் 24 மணி நேரக் கெடு வைத்தது. வன்முறைப் பேச்சை எப்படிக் கட்டுப்படுத்தப் போகிறீர்கள் என்று காட்டச் சொன்னது. பதில் திருப்தியாக இல்லாததால் செயலியைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அது ஐபோனுக்குத் திரும்பி வர மே மாதம் ஆயிற்று.

நம் பீரோக்காரம்மாவிடம் வருவோம். 11.32-க்கு அவர் பிளாக்கை அழுத்துகிறார். அந்த நொடியில் என்னவெல்லாம் நடக்க வேண்டும்?

அவசரத்தில் கட்டுகிறவர்கள் செய்வது இது: அந்த ஆளின் செய்திகளை அவர் போனில் மட்டும் மறைத்துவிடுவார்கள். திரை சுத்தமாகத் தெரியும். ஆனால் செய்தி சர்வருக்கு வந்து, அங்கிருந்து நோட்டிஃபிகேஷனாகவும் கிளம்பும். பூட்டிய திரையின் மேல் அதே வசவு மின்னும். செயலியை அழித்து மறுபடி ஏற்றினால் பிளாக்கே காணாமல் போய்விடும். ஆகவே தடை இருக்க வேண்டிய இடம் சர்வர். யார் யாரைத் தடுத்தார் என்ற பட்டியல் அங்கே இருக்கும். ஒவ்வொரு செய்தியும் அந்தப் பட்டியலைத் தாண்டித்தான் போக வேண்டும். இருபக்கமும் பார்ப்பது அவசியம். அவர் இவருக்கு எழுத முடியாது என்பதோடு, இவருடைய விற்பனைப் படங்களும் பக்கமும் அவருடைய தேடலில் வரக்கூடாது. அரட்டையை மட்டும் அடைத்தால், அடுத்த வாரம் இவர் விற்கப் போடும் தையல் மெஷினின் கீழே கேள்வி கேட்கிற சாக்கில் அந்த ஆள் வந்து நிற்பார்.

“உங்களை இவர் பிளாக் செய்துவிட்டார்” என்று எதிராளிக்குச் சொல்லவும் கூடாது. சொன்னால் கோபத்தில் வேறு எண்ணில் புதுக் கணக்கு தொடங்கி வருவார். சொல்லாவிட்டாலும் சிலர் வரத்தான் செய்வார்கள். கணக்கைத் தடுக்கலாமே தவிர ஆளைத் தடுக்க முடியாது என்பது இந்த வசதியின் எல்லை.

இதுவரை சொன்னது எந்த அரட்டைச் செயலிக்கும் பொருந்தும். சந்தைச் செயலியில் மட்டும் இன்னொரு முடிச்சு விழுகிறது. வாங்குபவர் 500 ரூபாய் முன்பணம் அனுப்புகிறார்; பணம் வந்ததும் விற்பவர் அவரை பிளாக் செய்கிறார். அரட்டை மறைந்துவிட்டது, விற்பவரின் பக்கமும் தெரியவில்லை. பேசிய விலை, கொடுத்த வாக்கு, வந்த எண் எல்லாம் போயிற்று. பாதுகாக்க வைத்த பொத்தான் இங்கே திருடனுக்குப் பின்வாசலாகிவிட்டது. அதனால் பிளாக் பேச்சைத்தான் நிறுத்த வேண்டும், பழைய பேச்சை அழிக்கக் கூடாது. எழுத முடியாவிட்டாலும் வாங்குபவரால் அதைப் படிக்க முடிய வேண்டும். அங்கிருந்தே புகாரும் செய்ய முடிய வேண்டும்.

புகாரில் பெரிதும் தவறுவது சாட்சியம். 11.34-க்கு அந்தப் பெண் புகார் தருகிறார். 11.40-க்கு அந்த ஆள் தன் செய்திகளை அழித்துவிடுகிறார். காலையில் புகாரைத் திறக்கும் ஊழியருக்கு வெற்றுத் திரைதான் மிஞ்சும். புகார் பொத்தானை அழுத்தும் அதே நொடியில் அந்தச் செய்தியையும், முன்பின் புரிகிற அளவுக்குச் சில செய்திகளையும் நகலெடுத்து வைத்துவிட வேண்டும். நிறுவனமே படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டி அனுப்பும் வாட்ஸ்அப் இதை வேறு விதமாகச் செய்கிறது: ஒருவர் மேல் புகார் கொடுத்தால், அவர் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் புகார் தருபவரின் போனிலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போகின்றன.

புகாருக்குக் காரணம் கேட்கும்போது பட்டியலை நீட்டாமல் இருப்பது நல்லது. ஆபாசம், மிரட்டல், பண மோசடி, போலிப் பொருள், வேறு. இவ்வளவு போதும். இருபது காரணங்களைக் கொடுத்தால் ஜனங்கள் முதலில் கண்ணில் பட்டதை அழுத்திவிட்டுப் போவார்கள். மிரட்டலை மட்டும் வரிசையின் தலைக்குக் கொண்டுபோக வேண்டும். போலிப் பொருள் மதியம் வரை காத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை யார் பார்ப்பது என்பதை முன்பே முடிவு செய்யாத சிறு நிறுவனத்துக்கு அந்த 24 மணி நேரம் வெறும் காகிதப் பேச்சு.

“மூன்று புகார் வந்தால் பதிவு தானாக மறையட்டும்” என்று சிலர் சுலபவழி காண்பார்கள். சந்தையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதிர்க்கடைக்காரர் மூன்று போன் வைத்திருந்தால் போதும், நல்ல விற்பனையாளர் ஒருவர் தீபாவளிக்கு முந்தின வாரம் காணாமல் போவார்.

வடிகட்டி தமிழில் படும் பாடு தனி. கெட்ட வார்த்தைப் பட்டியலைத் தமிழ் எழுத்தில் வைத்தால், திட்டுகிறவர் அதையே ஆங்கில எழுத்தில் அடிப்பார். அதையும் சேர்த்தால் நடுவில் புள்ளி வைப்பார், ஒரு எழுத்தை இரட்டிப்பார். கடுமையைக் கூட்டினால் அப்பாவிச் சொல்லுக்குள் இருக்கும் நான்கு எழுத்துக்காக ஒரு நல்ல பதிவு நிற்கும். அதனால் வடிகட்டி பிடிப்பதில் ஐயமற்றதை மட்டும் தடுத்து, மற்றதை ஒரு மனிதர் பார்வைக்கு அனுப்புவதே நடைமுறை.

எல்லாவற்றையும் கட்டி முடித்தும் சிலருக்கு இரண்டாவது நிராகரிப்பு வரும். காரணம் சில நேரம் அற்பமானது. பரிசோதிக்கிறவரிடம் ஒரே ஒரு கணக்கைத்தான் கொடுத்திருப்பார்கள். உள்ளே போனால் அரட்டை காலி. எதிரே ஆளே இல்லாத இடத்தில் அவர் யாரை பிளாக் செய்து பார்ப்பார்? பொத்தான் மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்தால் அதுவும் கண்ணில் படாது. ஆகவே இரண்டு கணக்குகள், அவற்றுக்கிடையே நான்கைந்து செய்திகள், விற்பனைக்கு இரண்டு பொருள்கள் தயாராக இருக்கட்டும். எந்தத் திரையில் எங்கே அழுத்தினால் புகார், எங்கே அழுத்தினால் பிளாக் என்று பரிசோதகருக்கான குறிப்பில் எழுதி, அதைச் செய்துகாட்டும் திரைப் பதிவையும் இணைத்து அனுப்புங்கள்.