பெயரை மறைத்தால் நோயாளி மறைவாரா?

நோயாளி தம் வாயால் சொல்வதை வெளியிடலாகாது என்பது மருத்துவம் பயிலச் செல்லும் ஒவ்வொரு மாணவருக்கும் தொடக்கத்திலேயே கூறப்படுவது. உலக மருத்துவச் சங்கம் 1948ஆம் ஆண்டு ஜெனீவாவில் வகுத்த உறுதிமொழியிலும் இவ்விதி இடம்பெற்றது. நோயாளி இறந்த பின்னரும் இக்கடமை நீங்காது என்ற சொற்கள் 1968ஆம் ஆண்டு அதனுடன் சேர்க்கப்பட்டன. விதியை அறியாத மாணவர் இலர் எனலாம். ஆயினும், நோயாளியின் பெயரைச் சொல்லாதவரை அவ்விதியை மீறியவராகார் என்ற எண்ணம் அவர்களிற் பலரிடம் உண்டு. கைத்தொலைபேசி ஒவ்வொரு வெள்ளைச் சட்டைப் பையிலும் குடியேறிய இக்காலத்தில் பெருந்தீங்கு விளைவிப்பது இந்த எண்ணமேயாம்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். போதனா வைத்தியசாலை ஒன்றின் பெண்நோயியல் விடுதிக்கு, கடும் வயிற்றுவலியுடன் ஓர் இளம்பெண் கொண்டுவரப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். திருமணமாகாதவள். தாய் அருகில் நிற்கும்வரை அவள் எதையும் கூறவில்லை. தாயை வெளியே இருக்கச் செய்து, தாதியொருவர் மெல்ல வினவியபோதே மாதவிலக்குத் தவறிய செய்தியைச் சொல்கிறாள். உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யப்படுகிறது. அல்ட்ராசவுண்ட் படமும் எடுக்கப்படுகிறது. கரு கருப்பைக்குள் தங்காமல், அதற்குச் செல்லும் குழாயிலேயே தங்கி வளர்ந்திருப்பது தெரியவருகிறது. அக்குழாய் வெடித்தால் வயிற்றினுள்ளே குருதி பெருகி உயிர் போகும். அவளைக் காத்தது ஸ்கேன் கருவி மட்டுமன்று; தான் சொல்வது அவ்வறையைத் தாண்டாது என்று அவள் நம்பியதுமாகும்.

விடுதியில் நின்ற மாணவர் ஒருவருக்கு இஃது அரிய பாடமாகப் படுகிறது. கணினித் திரையிலிருந்த ஸ்கேன் படத்தைக் கைத்தொலைபேசியிற் பிடித்து, மேல் ஓரத்தில் அச்சாகியிருந்த பெயரைக் கவனமாக வெட்டிவிட்டு, தம்முடன் பயில்வோரின் வாட்சப் குழுவுக்கு அனுப்புகிறார். இருபத்தொரு வயது, திருமணமாகாதவர், ஆடைத் தொழிற்சாலையில் வேலை, இன்ன கிராமம், இன்று காலை அனுமதி என்பன படத்தின் கீழே அவர் எழுதிய குறிப்புகள். பெயர் எங்குமில்லை.

இக்குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்போம். அக்கிராமத்தில் ஆயிரத்தைந்நூறு பேர் வாழ்கின்றனர் எனக் கொண்டால், அவ்வயதுப் பெண்கள் பத்துப் பன்னிருவர் இருக்கலாம். அவர்களுள் ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்வோர் இருவரோ மூவரோ. அன்று காலை வேலைக்கு வராதவள் ஒருத்தியே. குழுவிலுள்ள நூற்றெண்பது மாணவருள் ஒருவர் அயற்கிராமத்தவராயின், அவருக்கு இந்தக் கணக்கும் வேண்டியதில்லை, பார்த்தவுடனே புரிந்துவிடும்.

இது மிகையான அச்சம் என்று எண்ணுவோர்க்கு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நிகழ்ந்ததைக் கூறலாம். 1990களின் நடுப்பகுதியில், அங்குள்ள அரச ஊழியரின் காப்புறுதி நிறுவனம், ஊழியர்களின் வைத்தியசாலைப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆய்வாளருக்கு வழங்கியது. ஊழியரின் அந்தரங்கத்துக்குப் பங்கமில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி கூறினார். அப்போது பட்டப்பின் மாணவியாயிருந்த லற்றான்யா சுவீனி, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் இடாப்பை இருபது டொலருக்கு வாங்கி, அப்பதிவுகளுடன் ஒப்பிட்டார். ஆளுநரின் பிறந்த நாளையே தம் பிறந்த நாளாகவும் உடையவர் அறுவர். அவருள் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சற் குறியீட்டைக் கொண்டவர் ஒருவரே. இவ்வாறு ஆளுநரின் நோய்ப் பதிவுகள் பெயரின்றியே அகப்பட்டன. நகரொன்றில் மூன்று விவரங்கள் போதுமாயிருந்தன என்றால், ஒருவரையொருவர் அறிந்த கிராமத்தில் எத்தனை வேண்டும்?

படத்துக்கு வருவோம். மாணவர் பெயரை வெட்டியது நன்றே. எனினும் வைத்தியசாலைப் பதிவிலக்கமும் திகதியும் நேரமும் பெரும்பாலும் வேறோர் ஓரத்தில் எஞ்சிவிடும். விரிவுரைக்கான பவர்பொயின்ற் பக்கத்தில் வைத்துப் பெயர்ப் பகுதியை வெட்டினால், கண்ணுக்கு அது மறைந்தாலும் கோப்பினுள் முழுப்படமும் அப்படியே கிடக்கக்கூடும். பெயரின்மேல் வைத்த கறுப்புக் கட்டத்தையோ எவரும் விரலால் நகர்த்திவிடலாம். நோயாளரின் முகத்தில் கண்களை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைக்கும் பழைய வழக்கமும் பயனற்றது. அது போதிய மறைப்பன்று என்று சர்வதேச மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களின் குழுவே தெளிவாகக் கூறியுள்ளது. காதும் தழும்பும் பச்சை குத்தலும் உறவினருக்குப் போதிய அடையாளங்களல்லவா? பின்னணியில் அடுத்த கட்டிலில் உறங்குபவரைப் படமெடுத்தவர் கவனிப்பதே இல்லை.

வாட்சப் செய்திகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை, ஆகவே பத்திரமானவை என்பர். வழியில் எவரும் பறித்துப் படிக்காமல் அது காக்கும் என்பது உண்மை. சென்று சேர்ந்த பின்னர் அதனாற் காவலில்லை. பல தொலைபேசிகளில் வந்த படம் தானாகவே படத்தொகுப்பிற் சேர்கிறது. அங்கிருந்து இணையக் களஞ்சியத்துக்கும் பிரதியாகிறது. அந்தத் தொலைபேசியைத் தம்பி விளையாடக் கேட்டு வாங்குகிறான். அனுப்பியவர் பின்னர் எல்லோருக்குமாக அழித்தாலும், பிறர் முன்னரே வேறிடத்தில் சேமித்ததும் மேலும் அனுப்பியதும் அவர் கைக்கு எட்டா. முகநூலில் படமின்றி, இன்று விடுதியிற் கண்ட விந்தை என்று எழுதப்படும் பதிவும் இத்தகையதே. எழுதியவரின் பெயரும் மருத்துவபீடமும் அங்கே தெரிவதால், இடமும் நாளும் வாசிப்பவருக்குத் தாமாகவே கிடைத்துவிடுகின்றன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் காணல் வேண்டும். நள்ளிரவில் கடமையிலிருக்கும் வைத்தியர் ஒருவர், இதயத் துடிப்பின் வரைபை வீட்டிலுள்ள நிபுணருக்கு அனுப்பி ஆலோசனை கேட்பதுண்டு. அது அந்நோயாளியின் சிகிச்சைக்காக, சிகிச்சையளிப்போரிடையே நிகழ்வது. அதற்கும் வைத்தியசாலை விதித்த முறை பேணப்படல் வேண்டும். நூற்றெண்பது பேரின் குழுவோ சிகிச்சையளிப்பதில்லை. அங்கு அனுப்ப வேண்டுமாயின் நோயாளியின் தனிச் சம்மதம் தேவை. சத்திரசிகிச்சைக்குத் தந்த கையொப்பம் படத்துக்கான சம்மதமாகாது. வலியுடன் கிடப்பவர், வெள்ளைச் சட்டை அணிந்தவர் கேட்டால் மறுக்க அஞ்சுவார் என்பதையும் நினைத்தல் வேண்டும். ஆதலின் நிபுணரின் அனுமதியின்றி மாணவர் தாமாகவே கேட்பது முறையன்று. நேயர்களும் அறிந்துகொள்ளட்டும்: படமெடுக்க மறுப்பதால் எவருக்கும் சிகிச்சை குறைக்கப்படலாகாது. எதற்காக, யார் பார்ப்பதற்காக என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தரவுகளைச் சிறப்பு வகையில் வைத்துள்ளது.

அப்படியாயின் மாணவர் தாம் கண்டதைப் பிறரோடு பகிர்ந்து கற்க வழியில்லையா? உண்டு. பிள்ளைப்பேற்று வயதிலுள்ள எப்பெண் வயிற்றுவலியோடு வந்தாலும், அவள் நிலை யாதாயினும், சிறுநீரிற் கர்ப்பப் பரிசோதனை செய்க. அவளைத் தனியே விசாரிக்க. அப்பெண்ணின் கட்டிலருகே கற்கத்தக்க பாடம் முழுவதும் இவ்விரு வரிகளில் அடங்கிவிட்டது. வயது, ஊர், தொழில், நாள், படம் ஆகிய எதுவும் இதற்கு வேண்டியதாயில்லை. படம் காட்டியே தீரவேண்டுமெனின், அச்சிட்ட பாடநூல்களில் தக்க சம்மதத்துடன் வெளியானவை ஏராளம்.

தவறுதலாக அனுப்பிவிட்டவர் செய்யத்தக்கது யாதெனில், உடனே அழிப்பதுடன் நில்லாது, அன்றே விடுதிக்குப் பொறுப்பான நிபுணரிடம் சென்று, எதை, எப்போது, எத்தனை பேருக்கு அனுப்பினார் என்பதைச் சொல்வது. பெற்றவர்களைக் கேட்டு அழிப்பிக்கவும், அப்பெண்ணிடம் என்ன சொல்வது என்று தீர்மானிக்கவும் அவருக்குச் சில மணி நேரமாவது கிடைக்கும். மறுநாள் அவளைப் பார்க்க உறவினர் வரும்முன் அது நடந்தாக வேண்டும்.