வெளிநாட்டில் வீட்டுக்காரர், வாடகையில் வரிப் பிடித்தம்

வீரசோழனில் பிறந்து துபாயில் வேலை பார்க்கும் ஒருவர், அருப்புக்கோட்டையில் வீடு கட்டி மாதம் 10,000 ரூபாய்க்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆள் பிடிப்பது புரோக்கர், வாடகை வாங்குவது மைத்துனர். வெளியிலிருந்து பார்த்தால் குறையொன்றும் தெரியாது. ஆனால் மூவருமே குடியிருப்பவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது: உரிமையாளர் வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர்.

உள்ளூர் உரிமையாளர் என்றால், இவ்வளவு சிறிய வாடகைக்கு வரி பிடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த விலக்கு கிடையாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு விதித்த இந்தக் கடமை, 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. குடியிருப்பவர் டான் எண் வாங்கி, 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத கூடுதல் தீர்வையும் சேர்த்து மாதம் 3,120 ரூபாயைப் பிடித்து, மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். பணத்தை மைத்துனர் கையில் கொடுத்தாலும் இந்தக் கடமை மாறாது. பிடிக்காமல் விட்டால் அந்த வரியை வட்டியோடு குடியிருப்பவரிடமே கேட்கலாம். ஆகவே உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவதுதான் நியாயம்.

பிடித்த பணம் போனதுதானா? இல்லை. ஆண்டு வாடகை 1,20,000 ரூபாய். அதில் பராமரிப்புக்கென 30 சதவீதம் கழித்தால் 84,000 நிற்கும். இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவருக்குப் புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. எனவே கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த 37,440 ரூபாயும் திரும்ப வரும். அதுவரை காத்திருக்க முடியாதவர், குறைந்த பிடித்தத்துக்கோ பிடித்தமே இல்லாமல் வாடகை பெறவோ வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் கேட்கலாம். அதற்குக் குடியிருப்பவரின் டான் எண் தேவைப்படும். குடியிருப்பவர் பிடித்த பணத்தைக் கட்டினாரா என்பது உரிமையாளரின் பான் கணக்கில் தெரியும். அங்கே வரவு இல்லையென்றால் உடனே அவரிடம் கேட்க வேண்டும்.

வாடகை மைத்துனர் கணக்கில் விழுந்தால் எந்த மாதம் எவ்வளவு வந்தது என்பதற்கு உரிமையாளர் கையில் சான்று இருக்காது. அது நேராக உரிமையாளரின் என்.ஆர்.ஓ. கணக்குக்கு வரட்டும். மைத்துனருக்குக் கொடுக்கும் பவர் பத்திரத்தில் வாடகைக்கு விடுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, பழுது பார்ப்பது மட்டும் இருந்தால் போதும். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் தரும் பொதுப் பவர் வேண்டாம். துபாயில் கையெழுத்திட்டால் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதிகாரத்தை ரத்து செய்தால் குடியிருப்பவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காவிட்டால் அவர் பழையவரிடமே பேசிக்கொண்டிருப்பார்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. வாடகை நின்றுபோனால் முறையிட வேண்டியதும் அதே சட்டத்தின் வழியில்தான். எழுத்தில் ஒன்றும் இல்லாதவர், துபாயிலிருந்து முறையிடும்போது எதைக் காட்டுவார்?