காய்ச்சல் மாத்திரைக்கு அடங்காத சூடு

முதல் உலகப்போரின்போது பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஒரு மஞ்சள் பொடியைக் கையாண்ட தொழிலாளர்கள் காரணம் தெரியாமல் வியர்த்துக் கொட்டினார்கள். உடல் சூடாகி மெலிந்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். அந்தப் பொடியின் பெயர் டைநைட்ரோஃபீனால், சுருக்கமாக டிஎன்பி. 1933இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாரிஸ் டெய்ன்டரும் வின்ட்சர் கட்டிங்கும் இதையே உடல் எடை குறைக்கும் மருந்தாக ஆராய்ந்தார்கள். சாப்பாட்டைக் குறைக்காமலே எடை இறங்கியது. சில மாதங்களில் அமெரிக்கக் கடைகளில் மருத்துவர் சீட்டுகூட இல்லாமல் அது கிடைத்தது. 1935 வாக்கில், அதை விழுங்கிய இளம்பெண்களுக்குக் கண்புரை வரத் தொடங்கியது. சிலர் உடல் வெந்து இறந்தார்கள். 1938இல் வந்த புதிய மருந்துச் சட்டத்தோடு அந்த வியாபாரம் ஓய்ந்தது.

வெடிமருந்துப் பொடி கொழுப்பை எப்படிக் கரைக்கும்? விடை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். உள்சவ்வில் புரதங்கள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. நாம் உண்ட உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களை அவை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, கடைசியில் நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. இந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, அவற்றில் சில, உள்ளிருக்கும் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. வெளியே நெரிசல், உள்ளே பற்றாக்குறை. சவ்வின் இரு பக்கமும் ஏறத்தாழ 150 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. டார்ச் பேட்டரியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சவ்வின் தடிமனோ சில நானோமீட்டர். அந்தத் தடிமனுக்கு இது மின்னல் தெறிக்கும் அளவுக்கான அழுத்தம்.

வெளியே தேங்கிய புரோட்டான்கள் திரும்பி வர முக்கிய வாசல் ஒன்று உண்டு: ஏடிபி சின்தேஸ் என்ற நொதி. அதன் அடியில் சுழலும் வளையம் ஒன்று இருக்கிறது. பாலூட்டிகளில் அந்த வளையத்துக்கு எட்டுத் துண்டுகள்; எட்டுப் புரோட்டான்கள் நுழைந்தால் ஒரு முழுச் சுற்று. அந்தச் சுற்றில், செல்லின் செலவுக் காசான ஏடிபி மூலக்கூறுகள் மூன்று உருவாகின்றன. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த நொதியின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டிவைத்து, அது சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள்.

இதில் நுட்பமான கட்டுப்பாடு ஒன்று உண்டு. ஏடிபி செலவாகாவிட்டால் சக்கரம் நின்றுவிடும். புரோட்டான்கள் வெளியே குவிந்து, மேலும் தள்ளுவது கடினமாகும். அதனால் எலக்ட்ரான் ஓட்டமும் மந்தமாகும். ஆக்சிஜன் செலவு குறையும். சும்மா உட்கார்ந்திருப்பவர் மூச்சிரைக்காதது இதனால்தான்.

டிஎன்பி இந்தக் கட்டுப்பாட்டை உடைக்கிறது. அது வலுக்குறைந்த அமிலம், கொழுப்பில் கரையக்கூடியது. சவ்வின் வெளிப்பக்கத்தில் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு, சவ்வுக்குள் புகுந்து, உள்ளே விட்டுவிடும். பிறகு வெறுங்கையோடு திரும்பிப் போய் அடுத்ததை ஏற்றிவரும். சக்கரத்தின் பக்கமே போவதில்லை. எதிர்ப்பு விலகியதும், புரோட்டானைத் தள்ளும் புரதங்கள் தறிகெட்டு ஓடுகின்றன. கொழுப்பு எரிகிறது, ஆக்சிஜன் செலவு ஏறுகிறது, ஆனால் ஏடிபி உருவாவது குறைகிறது. ஆற்றல் முழுக்க வெப்பமாகப் போகிறது.

ஆக்சிஜன் எரிப்பும் ஏடிபி தயாரிப்பும் இப்படித் தனித்தனியே பிரிவதை 1948இல் லூமிஸும் லிப்மனும் காட்டினார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை. இரண்டையும் இணைக்கும் ஏதோ ஒரு வேதிப்பொருளைப் பலர் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருளே தேவையில்லை, புரோட்டான் நெரிசல்தான் இணைப்பு என்று 1961இல் பீட்டர் மிட்செல் சொன்னார். பலரும் நம்பவில்லை. 1978இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

ஆய்வகத்தில் இதைச் சோதிப்பது சுவையானது. மைட்டோகாண்ட்ரியாக்களைக் கரைசலில் இட்டு, ஒலிகோமைசின் என்ற பொருளால் சக்கரத்தை அடைத்தால் ஆக்சிஜன் செலவு விழும். அடைப்பை எடுக்காமலே சிறிது டிஎன்பி சேர்த்தால் செலவு மறுபடி எகிறும். புரோட்டான்கள் சக்கரத்தைத் தவிர்த்து வேறு வழியில் வருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மருத்துவமனையில் இதுவே பயங்கரம். சாதாரணக் காய்ச்சலில் மூளை தன் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. பாரசிட்டமால் அதைக் கீழே இறக்குகிறது. டிஎன்பி விழுங்கியவருக்கு மூளையின் அளவு மாறவேயில்லை, ஒவ்வொரு செல்லும் தனித்தனியே கொதிக்கிறது. ஆகவே மாத்திரை உதவாது. மாற்று மருந்தும் கிடையாது. பனிக்கட்டியும் குளிர்ந்த நீரும் கொண்டு வெளியிலிருந்து குளிர்விக்கத்தான் முடியும். இத்தனைக்கும் இணையத்தில் இது இன்றும் விற்பனையாகிறது.

இதே வேலையை உடலும் செய்கிறது, தெரிந்தே. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள பழுப்புக் கொழுப்பில் யுசிபி1 என்ற புரதம் இருக்கிறது. புரோட்டான்களைச் சக்கரத்தைத் தாண்டி உள்ளே விட்டு அது சூடு உண்டாக்குகிறது. குளிர் பட்டால் நரம்பு தூண்டிவிடும். குளிர் போனால் வழி அடைபடும். பெரியவர்களுக்கு இந்தக் கொழுப்பு இருப்பதாக வெகுகாலம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. புற்றுநோய்க்காக எடுத்த பெட் ஸ்கேன்களில் கழுத்தோரம் சில திட்டுகள் ஒளிர்ந்தன. நோயாளியை வெதுவெதுப்பான அறையில் வைத்து எடுத்தபோது அவை மங்கின.