'தாயும் சேயும் நலம்' என்று செய்தி வந்தால்

"பெண் குழந்தை. எடை 2.6 கிலோ. தாயும் சேயும் நலம்." கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தியும் படமும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். "2.6 தானா? என் பையன் 3.4 இருந்தான்." "பால் இறங்கிடுச்சா? பூண்டு நிறையச் சாப்பிடு." "அடுத்தது சிங்கக்குட்டிதான்!"

எழுதிய யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் படிப்பவள் பிரசவ வார்டில் படுத்திருக்கிறாள். 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் எடை குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவள் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்த முதல் சில நாட்களில் பெரும்பாலான குழந்தைகள் கொஞ்சம் எடை இழந்து, இரண்டு வாரத்துக்குள் அதை மீட்டுவிடும். மூன்றாம் நாள் தராசு 2.45 காட்டும்போது, மருத்துவர் சொன்ன இந்த விளக்கத்தை முந்திக்கொண்டு அந்த 3.4 தான் அவள் நினைவுக்கு வரும். பாலும் அப்படித்தான். முதலில் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும்; நன்றாகப் பால் கட்ட இரண்டு மூன்று நாள் ஆகலாம். காரணமே இல்லாமல் அழுகை வரும் நாட்களும் ஏறத்தாழ இவைதான்.

அப்படியானால் என்ன எழுதுவது? அவர்கள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதலாம்: "பொண்ணு பொறந்தாச்சா! படத்துல அந்தக் குட்டி விரலையே பார்த்துட்டு இருக்கேன். நீ நல்லா ரெஸ்ட் எடுடி. இதுக்குப் பதில் போட வேண்டாம்." இதில் கேள்வியே இல்லை. தாயும் மறக்கப்படவில்லை. கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐம்பது பேருக்கு நன்றி சொல்லும் வேலையில் ஒன்று குறைகிறது.

ஜாடை பேசுவது நமக்குப் பழக்கம். ஆனால் "அப்படியே அப்பா மூக்கு" என்பதும் ஒப்பீடுதான். இரண்டு வீட்டாரும் இருக்கும் குழுவில் அது வேறு கணக்காகிவிடும். நிறத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதைவிட, "ஞாயித்துக்கிழமை மதியம் ரசம் சாதம் கொண்டுவரட்டுமா?" என்று கணவரிடம் தனியாகக் கேட்பது உதவி. செய்தியில் 'நலம்' என்ற சொல் இல்லையென்றால் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கலாம். அங்கே ஏன், என்ன என்று துருவாமல், "உங்க மூணு பேரையும் நினைச்சுட்டே இருக்கேன்" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும், கேட்காமலே சொல்லலாம் என்பேன். குழுவில் யாராவது "நாக்குல தேன் தடவுங்க" என்று எழுதியிருந்தால், ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கணவருக்குத் தனியாக ஒரு போன் போடலாம். குழுவில் சண்டை வேண்டாம்.