ஓரக்குறிப்பு சான்றாக வேண்டுமா?

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வெளிவந்தது. அதைப் படிக்கும் மாணவி, காற்றாடித் தோப்பு வெட்டப்படும் இடத்தில் கோடு போட்டு, ஓரத்தில் 'அருமை' என்று எழுதினால் கட்டுரைக்கு அது உதவாது.

'தோப்பு போய்ப் பூங்கா வருகிறது, இழப்பு யாருக்கு?' என்று எழுதினால், அங்கேயே வாதம் தொடங்கிவிடுகிறது.

அடுத்து, கடைசி வெற்றுப் பக்கத்தில் 'நகர வளர்ச்சி' என்று தலைப்பிட்டுப் பக்க எண்ணைக் குறிக்கலாம். பின்னால் புளியமரம் அழியும் பக்கமும் அதே தலைப்பில் சேரும்போது, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுத முடியும். வாதத்துக்கு எதிரான இடங்களும் அங்கே பதிவாக வேண்டும்.

பக்கம் முழுக்கக் கோடு விழுந்திருந்தால், எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், அத்தியாயத்தையும் குறியுங்கள். நூலகப் புத்தகமென்றால் தனித்தாளில் எழுதுங்கள்.