லைன் பழுதா, லாகின் பழுதா?

வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறார். ஒரு நிமிடம் பொறுத்தால் நெட் தானாக வந்துவிடும், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போகும். அடியோடு செத்துப்போன இணைப்பைச் சரிசெய்வது சுலபம். இப்படிப் போய்ப் போய் வருவதுதான் ஆளைப் படுத்தும், ஏனென்றால் லைன்மேன் வந்து நிற்கும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

புகார் சொல்ல அழைத்தால், ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பதுதான் முதல் பதில். உடனே செய்துவிடாதீர்கள். இணைப்பு ஏன் அறுந்தது என்ற தடயம் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஆஃப் செய்தால் பல ரவுட்டர்களில் அது அழிந்துவிடும்.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பை இரண்டு தளமாக நினைத்துக்கொள்ளலாம். கீழ்த்தளம் லைன். கண்ணாடி இழை வழியாக வரும் ஒளி, வீட்டிலுள்ள ஃபைபர் மோடத்தை நிறுவனத்தின் கருவியோடு இணைக்கிறது. அதன் மேல்தளம் லாகின். பல நிறுவனங்களின் இணைப்பில் PPPoE என்ற முறையில் ரவுட்டர் ஒரு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பும். நிறுவனத்தின் சர்வர் அதைச் சரிபார்த்து ஒரு அமர்வைத் திறந்து, ஐ.பி. முகவரி கொடுத்த பிறகுதான் நெட் வரும். கீழ்த்தளம் இடிந்தால் மேல்தளமும் விழும். மேல்தளம் மட்டும் இடிந்தால் கீழ்த்தளத்துக்கு ஒன்றும் ஆகாது. பழுதைப் பிரித்தறியும் வழி முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

அதற்கு முன் வைஃபையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். மடிக்கணினியை ஒயர் போட்டு ரவுட்டரோடு இணைத்து, விண்டோஸ் கமாண்ட் திரைகள் இரண்டைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரியை ஓட விடுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதல் வரி உங்கள் ரவுட்டரைக் கூப்பிடுகிறது. சில ரவுட்டர்களுக்கு முகவரி 192.168.0.1 என்று இருக்கும். இரண்டாவது, வெளியுலகைக் கூப்பிடுகிறது. நெட் போகும்போது முதலாவது பதில் தந்துகொண்டே இருந்து இரண்டாவது மட்டும் நின்றால், கோளாறு ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது அல்லது ரவுட்டரின் லாகினில் இருக்கிறது. ஒயரில் இரண்டும் நிற்காமல் ஓடி, வைஃபையில் மட்டும் அறுந்தால் லைன்மேனைக் கூப்பிட்டுப் பயனில்லை.

இப்போது மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். நெட் போன அந்த நொடியில் LOS சிவப்பாகச் சிமிட்டினால் ஒளியே வரவில்லை என்று பொருள். PON விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால், மோடம் மறுபடியும் நிறுவனத்தின் கருவியோடு சேர முயல்கிறது. இரண்டுமே லைன் பழுது. PON அசையாமல் பச்சையாக நிற்க, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தால் சந்தேகம் லாகின் பக்கம் திரும்ப வேண்டும்.

விளக்கைக் காத்துக்கொண்டு உட்கார நேரமில்லாதவர்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் Uptime என்று இருப்பதைத் தேடலாம். பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது ஒன்று, PPPoE அமர்வு எவ்வளவு நேரமாக உயிரோடிருக்கிறது என்பது இன்னொன்று. பெட்டியின் கணக்கே சில நிமிடம்தான் என்றால் அது தானாக அணைந்து எழுகிறது. அடாப்டரையோ, தளர்ந்த பவர் பின்னையோ பாருங்கள். பெட்டி பல நாளாக ஓடி, அமர்வுக்கு மட்டும் மூன்று நிமிட வயது என்றால், அறுந்தது லைனா லாகினா என்பதை விளக்கும் பதிவேடும்தான் சொல்ல வேண்டும்.

பதிவேடு System Log என்ற பெயரில் இருக்கும். வாசகங்கள் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும், ஆனால் பல பெட்டிகளுக்குள் ஓடும் மென்பொருள் ஒன்றுதான் என்பதால் இவை அடிக்கடி கண்ணில் படும்.

```
No response to 5 echo-requests
LCP terminated by peer
CHAP authentication failed
```

அமர்வு உயிரோடிருக்கிறதா என்று ரவுட்டர் அவ்வப்போது சர்வரைத் தட்டிப் பார்க்கும். தொடர்ந்து பதில் வராவிட்டால் ‘போய்விட்டது’ என்று தானே முடித்துக்கொள்ளும். அதுதான் முதல் வரி. இரண்டாவது, சர்வரே அமர்வை முடித்தது. மூன்றாவது, லாகினை ஏற்க மறுத்தது. பின்னிரண்டும் லைன் நன்றாக இருக்கிறது என்பதற்கே சாட்சி. லைன் அறுந்திருந்தால் ‘முடித்துக்கொள்’ என்ற செய்தியோ மறுப்போ உங்கள் வீடுவரை வந்திருக்காது.

முதல் வரியில்தான் ஏமாறுவோம். PON பச்சையாக நிற்கும்போதே ஒளி பலவீனமாகித் தரவுகள் தவறலாம், அப்போதும் அமர்வு அறும். மோடத்தின் பக்கத்தில் Rx Power என்ற எண்ணைப் பார்த்தால் இது தெரியும். பரவலாக உள்ள ஜிபான் வகை மோடங்களுக்கு -27 dBm அடிமட்ட எல்லை. -20 நல்ல நிலை, -26 விளிம்பு. 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. ஒருமுறை பார்த்தால் போதாது. காற்றடிக்கும்போதும் மழையிலும் பாருங்கள். ஜன்னல் சட்டத்தில் நசுங்கிய ஒயரும், மேசைக்குப் பின்னால் சுருட்டி மடித்த ஒயரும், தூசி படிந்த பச்சைக் கனெக்டரும்தான் வழக்கமான குற்றவாளிகள். எண் குறையாமல் நின்று, இதே வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு நிறுவனத்தின் சர்வர் பக்கமாகவும் இருக்கலாம்.

லாகின் பக்கத்துப் பழுதுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். புது ரவுட்டர் வாங்கியபின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெட் போகிறது. PON பச்சை, Rx Power -21, பெட்டி 11 நாளாக ஓடுகிறது, அமர்வின் வயது மூன்று நிமிடம். பதிவேட்டில் வரிசையாக இரண்டாவது வரியே வருகிறது. பழைய ரவுட்டரை வீணாக்க வேண்டாமென்று மாடி அறைக்கு வைஃபை தர வைத்து, அதன் WAN ஒயரை மோடத்தின் இன்னொரு துளையில் செருகியிருக்கிறார்கள். மோடம் பிரிட்ஜ் முறையில் இருந்ததால், பழைய ரவுட்டரும் தன்னிடம் சேமித்திருந்த அதே பயனர் பெயரில் லாகின் செய்கிறது. ஒரு பெயருக்கு ஒரு அமர்வுதான் என்பது அந்த நிறுவனத்தின் விதி. புதிதாக வருபவரை ஏற்று, உள்ளே இருப்பவரை சர்வர் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்டவர் மறுபடி வந்து இவரைத் தள்ளுகிறார். பழைய ரவுட்டரை Access Point முறைக்கு மாற்றி, அதன் ஒயரைப் புது ரவுட்டரின் LAN துளையில் செருகினால் முடிந்தது.

மின்வெட்டுக்குப் பிறகு வரும் சிக்கலுக்கும் காரணம் இதே விதிதான். ரவுட்டர் சொல்லாமல் அணைந்துவிட்டதால் பழைய அமர்வு இன்னும் இருப்பதாகவே சர்வர் நினைக்கும். புதியவரை மறுக்கும் சர்வராக இருந்தால், அதன் கணக்கில் பழையது காலாவதியாகும்வரை உள்ளே விடாது. திரும்பத் திரும்ப ஆஃப், ஆன் செய்வதைவிடப் பத்து நிமிடம் அணைத்து வைப்பது பலன் தரும். அப்படியும் விடாவிட்டால் ‘என் பழைய செஷனை க்ளியர் பண்ணுங்க’ என்று கேளுங்கள். அதை அவர்கள் பக்கத்தில்தான் செய்ய முடியும்.

‘நெட் வரமாட்டேங்குது’ என்று மட்டும் புகார் தந்தால் பெரும்பாலும் லைன்மேன்தான் வருவார். லாகின் பழுதுக்கு அவரால் செய்ய ஒன்றுமில்லை. ‘PON அணையவில்லை, Rx Power -21, 10.05க்கும் 10.11க்கும் சர்வர் பக்கமிருந்து அறுந்திருக்கிறது’ என்று பதிவேட்டைப் படம் பிடித்து அனுப்பினால், புகார் சர்வரைப் பார்ப்பவர் மேசைக்குப் போகும். எண் -27ஐத் தொட்டிருந்தால், பவர் மீட்டரோடு ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.